விதி 26

வேலை கொடுப்பவருக்கும் வேலை செய்பவருக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று பேச ஆரம்பித்தால், நம் மொழியில் முதலில் வந்து நிற்பது சோறும் உப்பும்தான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம். செஞ்சோற்றுக் கடன் என்கிறோம். கர்ணன் கடைசிவரை துரியோதனனை விட்டு விலகவில்லை என்று சொல்லும்போது சொல்பவரின் குரலே மாறிவிடுகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி மாறுகிற ஒருவன் இந்தச் சொற்களுக்கு நடுவில் வந்து நின்றால், அவனுக்கு நன்றிகெட்டவன் என்பதைத் தவிர வேறு பெயர் கிடைக்காது.

நான் மென்பொருள் துறைக்கு வந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. இப்போது இருப்பது நான்காவது நிறுவனம். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் என்னிடம் "எந்தக் கம்பெனி?" என்று யாரும் கேட்பதில்லை. "இப்ப எந்தக் கம்பெனி?" என்றுதான் கேட்கிறார்கள். அந்த "இப்ப"வில் ஒரு சின்னச் சிரிப்பு இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு விளக்கமும் இருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது, எதிலும் பிடிப்பு கிடையாது, காசு ஒன்றுதான் குறி. நாங்கள் அப்படி இல்லை, சேர்ந்த இடத்திலேயே நின்றோம்.

அந்த விளக்கத்தை நான் பல வருடம் பாதி நம்பினேன். இப்போது நம்புவதில்லை. முந்தைய தலைமுறையை நான் மட்டமாக நினைக்கிறேன் என்பதல்ல காரணம். அவர்கள் எதில் நின்றார்கள் என்று நிதானமாகப் படித்துப் பார்த்தேன், அவ்வளவுதான். கர்ணன் கதையிலேயே ஒரு வரிசை இருக்கிறது. அரங்கத்தில் எல்லோரும் தேரோட்டி மகன் என்று எள்ளியபோது துரியோதனன் முதலில் அங்க நாட்டைக் கொடுத்தான். கடன் அதற்குப் பிறகுதான் உண்டானது. ஆகவே நாம் கேட்க வேண்டியது இவன் ஏன் விசுவாசமாக இல்லை என்பதை அல்ல. அவர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது, எப்போது கொடுக்கப்பட்டது என்பதைத்தான்.

என் பெரியப்பாவையே எடுத்துக்கொள்கிறேன். 1972இல், இருபத்தொரு வயதில், தபால் துறையின் ஆர்.எம்.எஸ். பிரிவில் கடிதம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஆர்.எம்.எஸ். என்றால் ரயில்வே மெயில் சர்வீஸ். ஓடுகிற ரயிலில், தபால் பெட்டியில், இரவு முழுக்க நின்றுகொண்டு உறைகளைக் குழிகுழியான அடுக்குகளில் போட வேண்டும். அந்த வருடம் ஆகஸ்ட் 15 அன்றுதான் பின்கோடு நடைமுறைக்கு வந்தது. அது மக்களுக்குப் பழக்கமாக இன்னும் பல வருடம் ஆனது. அதுவரை எந்தக் கிராமம் எந்தத் தபால் நிலையத்தில் சேரும், அந்தத் தபால் நிலையத்தின் பை எந்த ஸ்டேஷனில் இறங்கும் என்பதெல்லாம் இவர் தலைக்குள்தான் இருந்தது. 2011இல், அறுபது வயதில் ஓய்வு பெற்றார். முப்பத்தொன்பது வருடம், ஒரே வேலை தந்தவர்.

1986இல் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. பம்பாயில் கூரியர் கம்பெனி ஒன்றில் இருந்த பெரியம்மாவின் அண்ணன், சென்னைக் கிளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். அப்போது பெரியப்பாவுக்கு எல்லாம் சேர்த்து மாதம் 1,500 ரூபாய் வந்தது. அவர்கள் 2,500 தருவதாகச் சொன்னார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் அதிகம். 1986இல் அது சின்னத் தொகை இல்லை. பெரியப்பா மறுத்துவிட்டார். குடும்பத்தில் இந்தக் கதை அவருடைய நேர்மைக்கு அத்தாட்சியாகச் சொல்லப்படும். அவரிடமே ஒருநாள் கேட்டேன்.

"ஏன் பெரியப்பா போகல?"

"போறதா? பதினாலு வருஷ சர்வீஸை ஆத்துல போட்டுட்டுப் போகச் சொல்றியா? ரிசைன் பண்ணா அத்தனையும் போச்சுடா தம்பி. ஒரு பைசா பென்ஷன் கிடையாது."

இது வெறும் பேச்சு இல்லை, எழுதிவைத்த சட்டம். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1972ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளில் 26ஆவது விதி, பணியை ராஜினாமா செய்தால் அதுவரையான பணிக்காலம் முழுவதும் பறிபோகும் என்றது. முறையான அனுமதியோடு அரசுக்குள்ளேயே வேறு பதவிக்குப் போனால் மட்டும் விலக்கு. இருபது வருடம் முடித்திருந்தால் விருப்ப ஓய்வு கேட்டு ஓய்வூதியத்தோடு வெளியே வரலாம். பெரியப்பாவுக்குப் பதினான்குதான் ஆகியிருந்தது. அன்றைய கணக்குப்படி 33 வருடம் முடித்தவருக்குத்தான் முழு ஓய்வூதியம், அதாவது கடைசிப் பத்து மாதச் சராசரிச் சம்பளத்தில் பாதி. குறைவாக முடித்தவருக்கு அந்த அளவுக்குக் குறையும். ராஜினாமா செய்தவருக்கு எதுவும் கிடையாது.

இப்போது அவர் முன்னால் இருந்த கணக்கைப் பாருங்கள். ஒரு தட்டில் மாதம் ஆயிரம் ரூபாய். மறு தட்டில் சாகும்வரை பாதிச் சம்பளம், விலைவாசிக்கு ஏற்ப ஏறுகிற அகவிலைப்படி, அவருக்குப் பின் பெரியம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம். ஓய்வு பெற்றபோது அவருடைய அடிப்படைச் சம்பளம் 19,200 ரூபாய். அதில் பாதி 9,600. ஏழாவது ஊதியக் குழு வந்தபோது அது 2.57ஆல் பெருக்கப்பட்டு 24,672 ஆனது. அதன்மேல் 58 சதவீத அகவிலை நிவாரணம் சேர்ந்தபோது அவர் கைக்கு வந்தது ஏறக்குறைய 39 ஆயிரம். கடைசி மாதம் வேலை பார்த்து வாங்கிய சம்பளத்தைவிட இது அதிகம். தினமும் காலையில் காபி குடித்துக்கொண்டு பேப்பர் படிப்பதற்கு வருகிற பணம் இது என்று என் தம்பி கிண்டல் செய்வான். உண்மையில் 1972இலிருந்து 2011 வரை ரயில் பெட்டியில் நின்றதற்கான கூலிதான் இப்போது வந்துகொண்டிருக்கிறது.

இதை நானாகச் சொல்லவில்லை. 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் நகரா வழக்கில் இதையே சொன்னது. ஓய்வூதியம் அரசு மனமிரங்கிக் கொடுக்கும் கொடை அல்ல, செய்து முடித்த வேலைக்கான உரிமை என்பது தீர்ப்பின் சாரம். அந்த நாளைத்தான் ஓய்வூதியர்கள் இன்றும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பு, எட்வர்ட் லேசியர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதே விஷயத்தை வேறு பக்கத்திலிருந்து அணுகியிருந்தார். நிறுவனங்கள் ஏன் ஒரு வயதில் கட்டாய ஓய்வு கொடுக்கின்றன என்பது அவருடைய கேள்வி. அவர் தந்த பதிலை எளிமையாக இப்படிச் சொல்லலாம். நீண்டகால வேலையில், இளமையில் ஒருவர் செய்யும் வேலையின் மதிப்பைவிடக் குறைவாகச் சம்பளம் தரப்படுகிறது. முதுமையில் அவர் செய்யும் வேலையின் மதிப்பைவிட அதிகமாகத் தரப்படுகிறது. இளமையில் பிடித்து வைத்ததைப் பின்னால் திருப்பிக் கொடுக்கிறார்கள். நடுவில் போனால் அது போய்விடும் என்பதால் யாரும் போவதில்லை, வேலையிலும் ஏய்ப்பதில்லை. திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு முடிவு வேண்டும் என்பதால் ஓய்வு வயது.

அதாவது பெரியப்பாவின் சம்பளத்தில் ஒரு பகுதி பிணையாக அவர்களிடம் இருந்தது. அந்தப் பிணைக்கு நாம் வைத்த பெயர் விசுவாசம்.

இதற்குப் பக்கத்தில் என் தலைமுறையை வைத்துப் பார்க்கலாம். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2012, வருடத்துக்கு மூன்றேகால் லட்சம். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் அன்று ஆயிரக்கணக்கானோர் வாங்கிய சம்பளம் அது. முதலாமவர் அங்கேயே இருக்கிறார், அப்ரைசலில் வருடத்துக்கு 8 சதவீதம் ஏறுகிறது. இரண்டாமவர் பத்து வருடத்தில் மூன்று முறை மாறுகிறார், மாறும்போதெல்லாம் 35 சதவீதம் ஏறுகிறது, மற்ற ஏழு வருடத்தில் அவருக்கும் அதே 8 சதவீதம். பத்தாவது வருட முடிவில், லட்சத்தில்:

```
3.25 × 1.08^10          ≈ 7.0
3.25 × 1.08^7 × 1.35^3  ≈ 13.7
```

சதவீதங்களை நீங்கள் உங்களுக்குத் தெரிந்தபடி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். இடைவெளி கூடும், குறையும், மறையாது.

சரி, அங்கேயே இருந்தவருக்கு அதற்கான பரிசு என்ன? பணிக்கொடை, கிராஜுவிட்டி என்கிறோமே, அதுதான். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வருடம் முடித்தவருக்கு, கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதை வருடங்களால் பெருக்க வேண்டியிருந்தது. நம் ஆளின் மாதச் சம்பளம் 58,500. அதில் அடிப்படை 40 சதவீதம் என்றால் 23,400. பத்து வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 1,35,000 ரூபாய் வருகிறது. பத்து வருட விசுவாசத்துக்கு ஒரே ஒருமுறை ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்று மேலே. மாறியவர் ஒவ்வொரு வருடமும் ஆறரை லட்சத்துக்கு மேல் அதிகம் வாங்குகிறார்.

மாறியவர் வேறு எதையாவது இழந்தாரா? வருங்கால வைப்பு நிதிக் கணக்கு 2014இலிருந்து ஒரே எண்ணில் அவரோடு கூடவே போகிறது. தனியார் ஊழியருக்கான ஓய்வூதியத் திட்டத்தில், சம்பளம் எவ்வளவு இருந்தாலும் பொதுவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவது 15,000 வரைதான். அதைப் பணிக்கால வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். 35 வருடத்துக்கு மாதம் 7,500 வரும். அந்த 35 வருடத்தை ஒரே கம்பெனியில் கழித்தாரா, பதினான்கு கம்பெனிகளில் கழித்தாரா என்று அந்தச் சூத்திரம் கேட்பதே இல்லை. நகராத பெரியப்பாவுக்கு விதி 26 இருந்தது. என் தலைமுறைக்கு அப்படி ஒரு விதியே எழுதப்படவில்லை. பிணையை எடுத்துவிட்டார்கள். பிணையோடு சேர்த்து வாக்குறுதியையும் எடுத்துவிட்டார்கள்.

நிறுவனம் ஏன் வெளியிலிருந்து வருபவனுக்கு 35 சதவீதமும் உள்ளே இருப்பவனுக்கு எட்டும் கொடுக்கிறது என்று கேட்கலாம். முட்டாள்தனமாகத் தோன்றும், ஆனால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நூறு பேர் கொண்ட குழுவில் எல்லோருக்கும் சந்தை விலை கொடுத்தால் செலவு நூறு மடங்கு. வருடத்துக்கு இருபது பேர் போனால், புதிதாக வரும் இருபது பேருக்கு மட்டும் சந்தை விலை கொடுத்தால் போதும். மிச்சம் எண்பது பேர் வீட்டுக் கடன், குழந்தையின் பள்ளி, இன்டர்வியூ பயம் என்று ஏதோ ஒன்றால் நகர மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்த பட்ஜெட் நிற்கிறது. நம்பாவிட்டால் ஒரு ராஜினாமாக் கடிதம் கொடுத்துப் பாருங்கள். ஏப்ரலில் "இந்த வருஷம் பட்ஜெட் இல்ல" என்று சொன்ன அதே மேனேஜர் மூன்றாவது நாள் கவுண்டர் ஆஃபரோடு வந்து உட்காருவார். பணம் இல்லாமல் இல்லை. நீங்கள் போவீர்கள் என்ற எண்ணம்தான் அதுவரை இல்லை.

லேசியரின் ஏற்பாட்டில் இன்னொரு ஓட்டையும் உண்டு. கடன் கொடுத்தவன் முன்னால் கொடுத்துவிட்டான், வாங்கியவன் பின்னால்தான் திருப்பித் தர வேண்டும். அந்தப் பின்னால் வருவதற்குள் வாங்கியவன் காணாமல் போய்விடலாம். பெரம்பூரின் பின்னி ஆலை, தலைமுறை தலைமுறையாக வேலை கொடுத்துவிட்டு, 1996இல் மூடப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் திறந்து 2014இல் மூடியது. காணாமல் போக வேண்டும் என்றுகூட இல்லை, திருப்பித் தரும் நேரம் வந்ததும் கையை உதறலாம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை நீக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலையிலும் மூத்த நிலையிலும் இருப்பவர்கள். நிலையான வேலை என்பதற்கே பெயர்போன நிறுவனம் அது. நின்றவர்களுக்கு நின்றதன் பலன் வரவேண்டிய வயது அது.

இதையெல்லாம் சொன்னால் ஒரு கேள்வி வரும். "அப்போ உங்க தலைமுறையின் குணத்துக்கு இதில் பங்கே இல்லையா?" நிரல் எழுதுகிறவனின் பழக்கத்தில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். வயதை மாற்றாமல் ஏற்பாட்டை மட்டும் மாற்றிப் பார்ப்போம், ஆள் எப்படி நடந்துகொள்கிறான் என்று.

முதலில் பழைய தலைமுறை. பெரியப்பா வயதுக்காரர்கள் பலர் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்று, வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டு, திங்கட்கிழமை எங்கே ஆர்டர் இருக்கிறதோ, எங்கே உருப்படிக்குச் சில காசு அதிகமோ, அங்கே போய்விடுவார்கள். ஓவர்லாக் ஓட்டத் தெரிந்த கை எல்லாக் கம்பெனிக்கும் வேண்டும். அவர்களும் ஐம்பதுகளில் பிறந்தவர்கள்தான். யாரும் அவர்களிடம் எதையும் பிணையாகப் பிடித்து வைக்கவில்லை, அவர்களும் எங்கேயும் நிற்கவில்லை.

அடுத்து இளைய தலைமுறை. 2024இல் தமிழ்நாடு அரசின் குரூப் 4 தேர்வுக்கு, ஆறாயிரத்துச் சொச்சம் இடங்களுக்கு, ஏறக்குறைய 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். கிராம நிர்வாக அலுவலர், தட்டச்சர், இளநிலை உதவியாளர். எல்லாம் ஒருமுறை சேர்ந்தால் ஓய்வு வயது வரை இருக்கக்கூடிய வேலைகள். என்னோடு படித்த ஒருவன் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு இரண்டு வருடம் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து இதற்குப் படித்தான். பொறுமை இல்லாத, பிடிப்பில்லாத தலைமுறை என்று சொல்லப்படுகிற அதே தலைமுறைதான் இதுவும். நிற்பதற்கு இடம் கொடுத்தால் நிற்கத் தயாராக இருபது லட்சம் பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

தலைக்குள் இருக்கும் சரக்குக்கும் இதில் பங்கு உண்டு. எந்தக் கிராமத்தின் கடிதம் எந்தப் பையில் போகும் என்ற பெரியப்பாவின் அறிவுக்குத் தபால் துறைக்கு வெளியே அவ்வளவு மதிப்பில்லை. எனக்குத் தெரிந்த ஜாவாவுக்கு எல்லா நிறுவனத்திலும் ஒரே மதிப்பு. எடுத்துச் செல்ல முடியாத அறிவும் எடுத்துச் செல்ல முடியாத ஓய்வூதியமும் இருக்கிறவர் நிற்கிறார். இரண்டையும் எடுத்துச் செல்ல முடிகிறவர் போகிறார்.

ஆகவே நன்றிகெட்டவன் என்ற பட்டத்தை நான் ஏற்பதில்லை. ஆனால் அதோடு விஷயம் முடிந்துவிட்டது என்றும் எனக்குத் தோன்றவில்லை. காரணம் தெரிந்துவிட்டால் இழப்பு இல்லாமல் போய்விடாது. மாறிக்கொண்டே இருப்பதில் நாங்கள் இரண்டு விஷயங்களை இழக்கிறோம் என்று நினைக்கிறேன். இரண்டும் நிறுவனத்துக்கு நாங்கள் பட்ட கடனில் சேராதவை.

முதலாவது, குரல். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய ஒரு சின்னப் புத்தகத்தில், ஓர் அமைப்பு கெட்டுப்போகும்போது உள்ளே இருப்பவருக்கு இரண்டு வழி இருக்கிறது என்கிறார். வெளியேறலாம், அல்லது குரல் கொடுக்கலாம். வெளியேறுவது சுலபமாக இருக்கும் இடத்தில் குரல் பழகாது. பெரியப்பா தலைமுறையால் வெளியேற முடியவில்லை. மேலதிகாரி ஏசினாலும் தூரத்துக்கு மாற்றினாலும் விழுங்கிக்கொண்டு இருந்தவர்கள் அந்தத் தலைமுறையில் நிறைய. அந்த அடக்கத்தை விசுவாசம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை, கதவு பூட்டியிருக்கும்போது உள்ளே இருப்பவனின் விருப்பம் என்ன என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அதே பூட்டிய கதவுக்குப் பின்னால்தான் சங்கங்கள் வலுவாக இருந்தன. அவர் சேருவதற்கு நான்கு வருடம் முன்பு, 1968 செப்டம்பர் 19 அன்று, மத்திய அரசு ஊழியர்கள் நாடு முழுக்க ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாழ்க்கைத் தேவைக்கேற்ற குறைந்தபட்சச் சம்பளம் கேட்டார்கள். பலர் சிறைக்குப் போனார்கள், பலர் வேலை இழந்தார்கள். எங்கும் போக முடியாதவர்களால் எங்களால் முடியாத ஒன்றைச் செய்ய முடிந்தது.

எங்களுக்கு மோசமான மேனேஜர் வாய்த்தால் நாங்கள் ரெஸ்யூமேவைத் திருத்துகிறோம். இரவு பதினொரு மணிக்கு மீட்டிங் வைக்கும் குழுவிலிருந்து ஒருவன் போகிறான், அவன் இடத்தில் இன்னொருவன் வந்து அதே மீட்டிங்கில் உட்காருகிறான். கடைசி நாள் நேர்காணலில் உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் ரிலீவிங் லெட்டரும் பின்புலச் சரிபார்ப்பும் அந்த ஹெச்.ஆர். கையில் இருப்பதால் யாரும் சொல்வதில்லை, "பெட்டர் ஆப்பர்ச்சூனிட்டி" என்று எழுதிவிட்டு வந்துவிடுகிறோம்.

இரண்டாவது, விளைவு. இதைச் சொல்ல என் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் வேண்டும். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு பில்லிங் மென்பொருள் எங்கள் குழுவின் பொறுப்பில் வந்தது. மாதக் கடைசியில் எங்கள் கணக்குக்கும் வங்கிக் கோப்புக்கும் சில ரூபாய் இடிக்கும். காரணம் தேடிப் போனால், முதல்முதலாக எழுதியவர் பணத்தைத் தசம எண்ணாக வைத்திருந்தார். கணினி அந்த வகை எண்களை இருமத்தில் தோராயமாகத்தான் வைத்துக்கொள்ளும்:

```
>>> 0.1 + 0.2
0.30000000000000004
```

ஒரு பில்லில் இது யாருக்கும் தெரியாது. மாதத்துக்கு ஆயிரம் பில் இருந்த முதல் வருடத்திலும் தெரியவில்லை. நான்காவது வருடம் பில்கள் பல லட்சமானபோதுதான் தெரிந்தது. பணத்தை முழுக்கப் பைசாவாக்கி முழு எண்ணாக வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. `git blame` போட்டுப் பார்த்தால் ஒரு பெயர் வந்தது. பதினெட்டு மாதம் இருந்துவிட்டுப் போனவர். அவருக்குப் பின் வந்த மூவரும், வித்தியாசம் தெரிந்த இடத்தில் எல்லாம் ஆளுக்கொரு விதமாக முழுமையாக்கும் வரிகளைச் சேர்த்துவிட்டு, அவர்களும் போய்விட்டார்கள். அந்த ஒட்டுகளைப் பிரித்தெடுத்துச் சரிசெய்ய எங்கள் நால்வருக்கு ஐந்து மாதம் ஆனது.

எனக்கு அந்த முதல் மனிதர் மேல் கோபம் வரவில்லை. வந்தது ஒருவித வருத்தம். அவர் இன்று வேறு எங்கோ மூத்த பொறியாளராக இருப்பார். இன்றும் பணத்தைத் தசம எண்ணாகவே வைத்துக்கொண்டிருக்கலாம், ஏனென்றால் அது தவறு என்று அவருக்குத் தெரியவருவதற்கு முன்பே அவர் கிளம்பிவிட்டார். பதினைந்து வருட அனுபவம் என்று ரெஸ்யூமேவில் இருப்பது சிலசமயம் முதல் இரண்டு வருட அனுபவத்தை ஏழெட்டு முறை திரும்ப அடைந்ததுதான். ஒரு முடிவை எடுப்பது ஒரு பாடம். அதோடு மூன்று வருடம் குடித்தனம் நடத்துவது வேறு பாடம். இரண்டாவது பாடத்துக்குச் சந்தையில் விலை இல்லை. அதனால் யாரும் அதற்காகக் காத்திருப்பதில்லை. பெரியப்பா தவறான குழியில் போட்ட கடிதம் நாலாவது நாள் திரும்பி அவர் கைக்கே வரும்.

இங்கேதான் செஞ்சோற்றுக் கடனை வேறு முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று நினைக்கிறேன். நிறுவனம் எனக்கு மாதச் சம்பளம் தருகிறது, நான் அந்த மாதம் வேலை செய்கிறேன். அந்தக் கணக்கு முப்பதாம் தேதியோடு நேராகிவிடுகிறது. ஆறு வருடம் கழித்து எனக்கு எதையும் தருவதாக அது வாக்குக் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. ஆனால் நான் எழுதிய நிரல் நேராவதில்லை. அது எனக்குப் பின்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் திறந்து பார்க்கப்போகிறவர் என்னைப்போல ஒரு சம்பளக்காரர். அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. பில்லில் பைசா குறைந்து வாதாடப்போகிற கடைக்காரரும் செய்யவில்லை. கடன் இருந்தால் அவர்களுக்குத்தான்.

அந்தக் கடனை அடைக்க முப்பத்தொன்பது வருடம் நிற்க வேண்டியதில்லை. தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியடை நாங்கள் பெரும்பாலும் அடுத்த கம்பெனியோடு சம்பளம் பேசுவதில் கழிக்கிறோம். கே.டி. என்ற பெயரில் நான்கு மீட்டிங் போட்டுத் திரையைக் காட்டிவிட்டு முடித்துக்கொள்கிறோம். அதற்குப் பதிலாக, எந்த இடத்தில் அவசரத்துக்கு ஒட்டுப்போட்டேன், எது எந்த அளவுக்கு மேல் தாங்காது, எந்த முடிவை நான் சந்தேகத்தோடு எடுத்தேன் என்று பத்துப் பக்கம் உண்மையாக எழுதிவைக்கலாம். மாறுவதற்கு முன் ஒரு கேள்வியும் கேட்டுக்கொள்ளலாம். நான் இங்கே எடுத்த பெரிய முடிவுகளில் ஒன்றாவது என்னிடமே திரும்பி வந்து கணக்குக் கேட்டிருக்கிறதா? இல்லை என்றால், 35 சதவீதத்தோடு சேர்த்து நான் எதை விட்டுவிட்டுப் போகிறேன் என்பதையாவது தெரிந்துகொண்டு போகலாம்.

நிறுவனங்களுக்கும் இதில் படிக்க ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் நிற்பதில்லை என்று மேடையில் வருந்துகிறவர்கள், நிற்பதற்கு ஒரு விலையை எழுத்தில் எழுதிக் கொடுக்கலாம். விதி 26 போல மிரட்டலாக அல்ல. ஐந்தாவது வருடத்தில் இவ்வளவு, பத்தாவது வருடத்தில் இவ்வளவு, நாங்களாக உன்னை அனுப்பினாலும் அது உனக்கு உண்டு என்று. கடைசி வாக்கியம் முக்கியம். அதை எழுதிக் கொடுக்கத் தயாராக இல்லாதவர், நிற்கவில்லை என்று இன்னொருவரைக் குறை சொல்ல முடியாது.

சென்ற பொங்கலுக்கு ஒரு மாமா அதே கேள்வியைக் கேட்டார். "இப்ப எந்தக் கம்பெனி?" பெயரைச் சொன்னேன். "அங்கயாவது நிப்பியா?" என்றார். "இப்ப எழுதிக்கிட்டிருக்கிறது ஒழுங்கா ஓடுதான்னு பார்க்கிற வரைக்கும் இருப்பேன் மாமா, அதுக்கு மேல அவங்க என்ன தர்றாங்கன்னு பார்க்கலாம்" என்றேன். அவர் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா மட்டும், "அதுவும் சரிதான். எனக்கும் இருபது வருஷம் ஆகியிருந்தா கூரியருக்குப் போயிருப்பேன்" என்றார்.